‘ஃபைல் மாறிப்போச்சு’ன்னு எழுதுறதா, ‘மாத்தி அனுப்பிட்டேன்’னு எழுதுறதா?

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு கம்பெனில சேல்ஸ் கோஆர்டினேட்டரா இருக்கேன். போன வாரம் ஒரு கஸ்டமருக்கு பழைய விலைப்பட்டியல் போயிடுச்சு. ஃபைல் கொடுத்தது விலை போடுற டீம்ல இருக்கிற ஒரு அண்ணன், அதைத் திறந்துகூட பாக்காம அனுப்பினது நான். அண்ணனுக்கு ‘நீங்க தப்பான ஃபைல் அனுப்பிட்டீங்க’ன்னு மெயில் போட்டேன், அன்னைலேர்ந்து மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டேங்கிறார். மேனேஜருக்கு ‘தவறான பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது’ன்னு எழுதினேன், ‘யாரால? மழுப்பாம எழுதுங்க’ன்னு ரிப்ளை வந்துச்சு. கஸ்டமருக்கு இன்னும் எழுதவே இல்ல, பயமா இருக்கு. எந்த இடத்துல செய்வினை, எந்த இடத்துல செயப்பாட்டுவினை?

பதில்: வணக்கம்ங்க. உங்க ரெண்டு வாக்கியத்துலயும் இலக்கணத் தப்பு எதுவும் இல்ல, ஆனா ரெண்டும் ஆள் மாறிப் போயிருக்கு. பெயர் சொல்ல வேண்டிய மேனேஜர் மெயில்ல பெயர் இல்ல, பெயர் சொல்ல அவசியமே இல்லாத அண்ணன் மெயில்ல ‘நீங்க’ன்னு முதல் வார்த்தையே விரல் நீட்டுது. நான் கஸ்டமர் புகார் மெயில்களுக்கு பதில் எழுதுறவங்களுக்கு ரொம்ப வருஷமா பயிற்சி கொடுத்துட்டு வர்றேன், அங்க வர்ற பெரும்பாலான மெயில்லயும் இதே சிக்கல்தான். நம்ம தப்புன்னா தானா செயப்பாட்டுவினை வந்துடுது, அடுத்தவங்க தப்புன்னா தானா செய்வினை வந்துடுது. யாரும் திட்டம் போட்டு பண்றதில்ல, பயத்துல கை தானா அப்படித்தான் டைப் பண்ணும். அதைத் தலைகீழா திருப்பிப் போட்டா போதும், உங்க பிரச்சனைல முக்கால்வாசி அங்கயே சரியாகிடும்.

முதல்ல தமிழ் பத்தி ஒரு விஷயம் சொல்லிடுறேன், ஏன்னா ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்த செய்வினை, செயப்பாட்டுவினை ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு மெயில் எழுத உக்காந்தா தடுமாறத்தான் செய்வோம். நம்மகிட்ட நிஜத்துல மூணு வழி இருக்கு. ‘பழைய பட்டியலை அனுப்பிட்டேன்’ இது செய்வினை. ‘பழைய பட்டியல் அனுப்பப்பட்டுவிட்டது’ இது செயப்பாட்டுவினை. மூணாவதா ‘பழைய பட்டியல் போயிடுச்சு’ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல ‘படு’ எல்லாம் கிடையாது, பட்டியல் தானா நடந்து போன மாதிரி ஒரு வாக்கியம். நம்ம மொழில இதுக்குன்னே ஜோடி ஜோடியா வினைச்சொல் கிடக்கு: உடைச்சேன் - உடைஞ்சுது, அழிச்சேன் - அழிஞ்சுது, மாத்தினேன் - மாறிச்சு, நிறுத்தினேன் - நின்னுச்சு. இலக்கணத்துல பிறவினை, தன்வினைன்னு சொல்றது இந்த ஜோடிகளைத்தான். அதுக்கும் ஒரு படி மேல, ஜோடி இல்லாத வினைலகூட பொருளையே செஞ்ச ஆள் மாதிரி வச்சுப் பேசுறது நம்ம வழக்கம்தான்னு தொல்காப்பியத்தோட சொல்லதிகாரத்துலயே இருக்கு, அதுக்கு உரைகாரர்கள் காட்டுற உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை எப்படிங்க தன்னைத்தானே மெழுகிக்கும், யாரோதான் மெழுகியிருக்காங்க, ஆனா அந்த ஆள் யார்னு அங்க பேச்சே இல்ல, அதான் விஷயம்.

அதனால தமிழ்ல பொறுப்பை இளக்கணும்னா ‘-ப்பட்டது’கிட்ட போகவே வேண்டாம், அது நோட்டீஸ் போர்டு வாசனை அடிக்கும். கேக்குறவங்களுக்கு ‘இவங்க ஏதோ மறைக்கிறாங்க’ன்னுதான் முதல்ல தோணும், உங்க மேனேஜருக்குத் தோணின மாதிரி. ‘ஃபைல் மாறிப்போச்சு’ன்னு எழுதுறப்போ இளக்கமும் கிடைக்கும், மனுஷங்க பேசுற மாதிரியும் இருக்கும்.

இதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க. கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ல இதை சோதிச்சே பாத்திருக்காங்க. ஒரு உணவகத்துல ஒரு அம்மா எழுந்திருக்கும்போது மெழுகுவத்தி சாஞ்சு மேஜைத்துணி தீப்பிடிச்ச கதையை சிலருக்கு ‘அவங்க சாய்ச்சாங்க, அவங்க பத்த வச்சாங்க’ன்னும், சிலருக்கு ‘சாஞ்சுது, பத்திக்கிச்சு’ன்னும் படிக்கக் கொடுத்தாங்க. நடந்தது ஒண்ணுதான், ஆனா முதல் மாதிரி படிச்சவங்க அந்த அம்மா மேல கூடுதலா பழி போட்டாங்க, நஷ்டத்துக்கு கூடுதலா பணமும் கட்டணும்னாங்க. இன்னொரு சோதனைல 2004ல சூப்பர் பவுல்ங்கிற அமெரிக்க ஃபுட்பால் இறுதிப்போட்டி மேடைல ஒரு பாடகர் கைபட்டு கூடப் பாடின பாடகியோட உடை கிழிஞ்ச, டிவில எல்லாரும் பாத்த அந்தச் சம்பவத்தை எடுத்துக்கிட்டாங்க, அதுல ‘கிழிஞ்சுது’ன்னு படிச்சவங்களைவிட ‘கிழிச்சார்’னு படிச்சவங்க 53 சதவீதம் கூடுதலா அபராதம் போடச் சொன்னாங்க. வீடியோவைக் கண்ணால பாத்தவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் அப்படியே இருந்துச்சு. இப்ப யோசிச்சுப் பாருங்க, உங்க ‘அனுப்பிட்டீங்க’ங்கிற ஒரு வார்த்தையைப் படிக்கும்போது அந்த அண்ணனுக்கு எவ்வளவு கனமா விழுந்திருக்கும்னு.

இங்க நிறைய பேர் ஒரு இடத்துல சறுக்குவாங்க. ‘சரி, நீங்கங்கிற வார்த்தையை எடுத்துடுறேன்’னு ‘தப்பான ஃபைல் அனுப்பிட்டீங்க’ன்னு மட்டும் எழுதுவாங்க. தமிழ்ல ஆள் யாருன்னு வினைமுற்றோட வால்லயே இருக்குங்க, அந்த ‘-ஈங்க’ இருக்கிற வரைக்கும் நீங்களும் இருக்கு, எழுவாயை எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. இன்னும் சில பேர் மரியாதையா எழுதுறோம்னு நினைச்சுக்கிட்டு ‘தங்களால் தவறான கோப்பு அனுப்பப்பட்டுள்ளது’ன்னு எழுதுவாங்க, அது எல்லாத்தையும்விட மோசம். செயப்பாட்டுவினை இளக்குறதுக்குக் காரணமே அதுல ஆள் இல்லாததுதான். ‘தங்களால்’னு ஆளை உள்ள கொண்டு வந்து, அதையும் வாக்கியத்தோட முதல் வார்த்தையா வச்சா, குற்றப்பத்திரிகை படிக்கிற மாதிரி ஆகிடும், அதுக்கு நேராவே ‘அனுப்பிட்டீங்க’ன்னு சொல்லிடலாம்.

இப்ப அண்ணனுக்கு எழுத வேண்டிய மெயில். அவருக்கு நீங்க என்ன தெரியப்படுத்தணும்? எந்த ஃபைல்ல என்ன மாறியிருக்கு, நீங்க என்ன பண்ணினீங்க, அவர் என்ன பண்ணணும். அவர்தான் அனுப்பினார்ங்கிறது அவருக்கே தெரியும், அதை அவர்கிட்ட சொல்றதால ஒரு புது தகவலும் கிடைக்கப்போறதில்ல, வலி மட்டும்தான் மிச்சம். ஆக, அந்த இடத்துல ஃபைலை எழுவாயா வச்சுடுங்க, கிழமையும் எண்ணும் சும்மா உதாரணத்துக்குத்தான்:

“அண்ணா, செவ்வாய்க்கிழமை வந்த விலைப்பட்டியல்ல 42 பொருள்ல 11க்கு பழைய விலை இருக்கு, மிச்சம் எல்லாம் சரியா இருக்கு. நான் திறந்து பாக்காம அப்படியே கஸ்டமருக்கு அனுப்பிட்டேன். போன மெயில்ல என் பங்கைச் சொல்லாம உங்களை மட்டும் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. அந்த 11 பொருளோட புது விலையை இன்னைக்கு 3 மணிக்குள்ள அனுப்ப முடியுமா? வந்ததும் நான் கஸ்டமருக்கு திருத்தின பட்டியலை அனுப்பிடுறேன்.”

பாருங்க, பிரச்சனையைச் சொல்ற வாக்கியத்துல எழுவாய் பட்டியல்: ‘பழைய விலை இருக்கு’. ‘வச்சிருக்கீங்க’ இல்ல, ‘வைக்கப்பட்டுள்ளது’ம் இல்ல, வெறும் ‘இருக்கு’. அடுத்த வாக்கியத்துல உங்க பங்கு வருது, அது முழு செய்வினை. ‘பார்க்கப்படாமல் அனுப்பப்பட்டது’ன்னு அதையும் இளக்கினீங்கன்னா, அவர் விஷயத்துல காட்டின பெருந்தன்மையை உங்களுக்கும் சேத்து எடுத்துக்கிட்ட மாதிரி ஆகிடும், முதல் வாக்கியத்தோட மதிப்பும் அதோட போச்சு. அவர் செய்ய வேண்டிய வேலை மறுபடி செய்வினை, நேரத்தோட. இளக்கம் நடந்து முடிஞ்சதுக்கு மட்டும்தான், நடக்க வேண்டியதுக்கு இல்ல. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நல்ல மனசு உள்ளவங்கதான் இதுல மாட்டிக்கிறாங்க: ‘புதிய விலைகள் சேர்க்கப்பட வேண்டும்’னு பணிவா எழுதிட்டு மூணு நாள் காத்திருப்பாங்க, அந்தப் பக்கம் அவர் இதை யாரோ சேக்கப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார்.

மேனேஜர் மெயில் வேற. அவர் ‘யாரால’ன்னு கேட்டது உங்களைத் திட்டுறதுக்காகன்னு நீங்க நினைச்சிருப்பீங்க, எனக்கு அப்படித் தோணல. எங்க சரி பண்றதுன்னு அவர் முடிவு பண்ணணும்னா எந்தக் கட்டத்துல ஓட்டை விழுந்துச்சுன்னு தெரியணும், ‘அனுப்பப்பட்டுவிட்டது’ங்கிற வாக்கியத்துல அந்தத் தகவல் மட்டும்தான் காணாம போயிருக்கு. எப்ப ஆளைச் சொல்லணும்னு நான் பாக்குற அளவுகோல் இதுதான்: வாக்கியத்துக்குப் பின்னாடி ‘யாரால?’ன்னு கேட்டுப் பாருங்க, படிக்கிறவங்களுக்கு அந்தப் பதில் இல்லாம அடுத்த வேலை நகராதுன்னா ஆளைச் சொல்லியே ஆகணும், பதில் தெரிஞ்சு அவங்க ஒண்ணும் பண்ணப் போறதில்லன்னா விட்டுடலாம். மேனேஜருக்கு அது வேணும், அண்ணனுக்கு வேணாம்.

ஆனா அண்ணன் பேரை எப்படி எழுதுறது? முதல்ல உங்க பங்கு, உங்க வினை. அப்புறம் அவரோட பங்கை ஆளா இல்லாம கட்டமா சொல்லுங்க:

“செவ்வாய்க்கிழமை கஸ்டமருக்கு விலைப்பட்டியலை நான்தான் அனுப்பினேன், அனுப்பும் முன் திறந்து சரிபார்க்கவில்லை. விலைக்குழுவிலிருந்து வந்த ஃபைலில் 11 பொருளுக்கு பழைய விலை இருந்தது. இரண்டு பட்டியலும் ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருப்பதால் மாறிப்போக வாய்ப்பு இருக்கிறது. கஸ்டமருக்கு இன்று மாலைக்குள் திருத்திய பட்டியலை அனுப்புகிறேன். இனி அனுப்பும் முன் பட்டியலின் தேதியை நான் சரிபார்ப்பேன்.”

‘விலைக்குழுவிலிருந்து வந்த ஃபைலில்’ங்கிறதுல மேனேஜருக்குத் தேவையான தகவல் முழுசா இருக்கு, எந்த டீம்னு தெரிஞ்சுடும், யாருன்னு வேணும்னா அவரே ஒரு நிமிஷத்துல கேட்டுத் தெரிஞ்சுப்பார், நீங்க ஒருத்தரைக் காட்டிக் கொடுத்த மாதிரியும் இருக்காது, மறைச்ச மாதிரியும் இருக்காது. ஒரே பேர்ல ரெண்டு ஃபைல்னு நான் எழுதினது உங்க ஆபீஸ்ல இருக்கக்கூடிய காரணம்னு ஒரு ஊகம்தான், உங்களுக்கு நிஜக் காரணம் என்னவோ அதைப் போடுங்க, தெரியலன்னா அந்த வரியையே எடுத்துடுங்க. அதே மாதிரி ‘அனுப்பினேன்’, ‘அனுப்பிட்டேன்’ ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சின்ன வித்தியாசத்தையும் கவனிங்க. ‘-ட்டேன்’ல கை தவறிப்போன ஒரு சாயல் இருக்கு, அதனால அண்ணனுக்கு எழுதும்போது அது இயல்பா இருக்கும். மேனேஜருக்கு நடந்ததை வரிசையா அறிக்கை மாதிரி சொல்றப்போ வெறும் ‘அனுப்பினேன்’ போதும், வருத்தத்தை வினைக்குள்ள ஒளிச்சு வைக்காம தனியா ஒரு வரி எழுதிக்கலாம்.

நான் ஆரம்பத்துல வேலை பாத்த ஒரு இடத்துல நடந்ததையும் சொல்லணும். ஒரு கஸ்டமரோட ஆர்டரை நான் தப்பான தேதிக்குப் போட்டுட்டேன். விளக்கம் கேட்டாங்க, நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன், அதுல ‘பிழை நாங்கள் கண்டறிந்தோம்’, ‘உடனே தொடர்பு கொண்டோம்’, ‘நான் இரவே சரிசெய்தேன்’னு நல்லது எல்லாம் செய்வினைல இருந்துச்சு, கெட்டது மட்டும் ‘தேதி தவறாகப் பதிவாகியுள்ளது’. படிச்ச என் மேலதிகாரி அந்த ஒரு வரிக்குக் கீழ பென்சிலால கோடு போட்டு ‘இதை மட்டும் யார் பண்ணினது?’ன்னு கேட்டார். அன்னைக்கு நான் பட்ட கூச்சம் இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு மெயில்ல இளக்கம் இருக்குங்கிறதை விட, அது எந்த வரில மட்டும் இருக்குங்கிறதுதான் காட்டிக் கொடுக்கும். அதனால எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி வார்த்தையை மட்டும் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாருங்க, வினை அங்கதான் இருக்கும், எங்க ‘ஏன், ஓம்’, எங்க ‘அது’ன்னு முடியுதுன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

இனி கஸ்டமர். பயப்பட வேண்டாம்னு சொல்லமாட்டேன், அவங்க அந்தப் பழைய விலையை நம்பி கணக்கு போட்டிருக்கலாம், அதனால இன்னைக்கே எழுதுங்க. கஸ்டமருக்கு உங்க கம்பெனிக்குள்ள யாரு, எந்த டீம்ங்கிறது தேவையே இல்ல. ‘எங்கள் விலைக்குழு தவறு செய்துவிட்டது’ன்னு எழுதினா உள்ள இருக்கிறவங்களை அவங்க முன்னாடி விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும், படிக்கிறவங்களுக்கும் ‘அப்ப இவங்களுக்குள்ளயே ஒத்துமை இல்லையா’ன்னு தோணும். அதுக்காக ‘தவறு நிகழ்ந்துவிட்டது’ன்னும் போக வேண்டாம், மழை பெஞ்ச மாதிரி தவறு தானா நிகழாது. இங்க சரியான எழுவாய் ‘நாங்கள்’:

“செவ்வாய்க்கிழமை உங்களுக்கு பழைய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டோம், தவறு எங்களுடையது, மன்னிக்கவும். 42 பொருளில் 11க்கு விலை மாறுகிறது, அவற்றை இணைத்துள்ள பட்டியலில் மஞ்சள் நிறத்தில் குறித்திருக்கிறோம். பழைய விலையை வைத்து நீங்கள் ஏற்கனவே ஆர்டர் முடிவு செய்திருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், அதை என்ன செய்வது என்று நாளை மதியத்துக்குள் நானே உங்களுக்குச் சொல்கிறேன்.”

தவறு ‘நாங்கள்’, பின்தொடர்றது ‘நான்’. இந்த மாற்றம் வேணும்னே வச்சது. தப்புக்கு கம்பெனி நிக்கணும், வேலைக்கு ஒரு ஆள் நிக்கணும். ‘விரைவில் தெரிவிக்கப்படும்’னு முடிச்சா அதுல ஆளும் இல்ல நேரமும் இல்ல, கஸ்டமர் மறுபடி போன் பண்ணுவாங்க. அப்புறம், பழைய விலைக்கே கொடுக்கிறோம்னு நீங்களா எதுவும் எழுதிடாதீங்க, அது பணம் சம்பந்தப்பட்ட வாக்குறுதி, மேனேஜர்கிட்ட கேட்டுட்டுத்தான்.

பெரிய இடத்துலயும் இதேதான் நடந்திருக்கு. ஈரானுக்கு ஆயுதம் வித்த விவகாரத்துல அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரொனால்ட் ரீகன் 1987 ஜனவரி 27ஆம் தேதி உரைல ‘கடுமையான தவறுகள் செய்யப்பட்டன’ங்கிற அர்த்தத்துல பேசினார், யார் செஞ்சாங்கன்னு அந்த வாக்கியத்துல இல்ல. மார்ச் 4ஆம் தேதி மறுபடி டிவில வந்து என்னோட செயல்களுக்கும் என் நிர்வாகத்தோட செயல்களுக்கும் முழுப் பொறுப்பை நான் ஏத்துக்கிறேன்னு செய்வினைல சொன்னார். அஞ்சு வாரம் தள்ளி சொல்றதை முதல் மெயில்லயே சொல்லிடலாம்ங்க, நம்ம விஷயம் அவ்வளவு பெருசும் இல்ல.

இளக்கவே கூடாத இடமும் இருக்கு. அடுத்தவங்க தப்புன்னா ஃபைலை எழுவாயா வைங்கன்னு சொன்னேன்ல, அது முதல் தடவைக்கு. ஒரே ஆள்கிட்டேர்ந்து ஒரே தப்பு மூணாவது தடவையா வருது, நீங்களும் தனியா சொல்லிப் பாத்தாச்சுன்னா, ‘மாறிப்போச்சு’ன்னு எழுதிக்கிட்டே இருந்தா அந்தத் தப்பு யாரோடதும் இல்லாம போயிடும், கடைசில உங்க தலைல வந்து விழும். அப்ப தேதியோட செய்வினைல எழுதுங்க: ‘3ஆம் தேதியும் 17ஆம் தேதியும் நீங்க அனுப்பின பட்டியல்ல பழைய விலை இருந்துச்சு’. அதுலகூட கவனிங்க, ‘அனுப்பின’ங்கிறது மட்டும்தான் அவர் செஞ்சது, ‘கவனக்குறைவா இருக்கீங்க’ங்கிற மாதிரி குணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பணம் கைமாறின விஷயம், யாருக்காவது அடிபட்ட விஷயம், தணிக்கைக்குப் போகப்போற விஷயம், இதுலயும் யார் எப்ப என்ன செஞ்சாங்கன்னு நேராத்தான் இருக்கணும், அங்க இளக்கினா பின்னாடி நீங்களே மறைச்சதா ஆகும். அதே சமயம் யார் செஞ்சதுன்னு உங்களுக்கே உறுதியா தெரியலன்னா ‘போயிருக்கு’ன்னு எழுதுறதுதான் நேர்மை, ஊகிச்சு ஒரு பேரைப் போடாதீங்க.

இங்கிலீஷ்ல எழுதுறீங்கன்னாலும் கணக்கு இதேதான். அங்கயும் ‘உடைச்சேன், உடைஞ்சுது’ மாதிரி ரெண்டுக்கும் ஒரே வினை ஓடுற வாக்கியங்கள் இருக்கு, அதனால இளக்கணும்னா பாசிவ் வாய்ஸ் மட்டும்தான் வழின்னு இல்ல, ஃபைலையோ பட்டியலையோ எழுவாயா வச்சு ஆக்டிவ்லயே எழுதிடலாம்.

வரிசை பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். முதல்ல அண்ணனுக்கு மெயில் போடுங்க, முடிஞ்சா அவர் சீட்டுக்குப் போய் வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அந்த மெயில்ல மேனேஜரை காப்பில வைக்காதீங்க, வச்சா அவ்வளவு நேரம் இளக்கி எழுதினது எல்லாம் வீண். அடுத்து மேனேஜருக்கு, பழைய மெயிலுக்கே ரிப்ளையா. அவர் பழைய விலை பத்தி என்ன முடிவு சொல்றார்னு பாத்துட்டு, 11 பொருளோட புது விலை கைக்கு வந்ததும், இந்தத் தடவை ஃபைலைத் திறந்து பாத்துட்டு கஸ்டமருக்கு அனுப்புங்க.